பிரிண்டரின் முகவரியில் ஒரு போன்

தென்காசியில் எங்கள் பகுதியில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு, கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதாவது சிக்கல் வந்தால் நான் போய்ப் பார்ப்பது வழக்கம். ஜூன் மாதம் பள்ளிச் சேர்க்கை நேரம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று காலையிலிருந்தே ஆட்கள் நிற்பார்கள். அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் போன் செய்தார்: "தம்பி, பிரிண்டர் ஆன்லதான் இருக்கு. கம்ப்யூட்டர் மட்டும் ஆஃப்லைன்னு சொல்லுது. எடுத்துப் போட்டு ஆன் பண்ணியும் பாத்துட்டேன்."

கடையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது தேவைப்படும். முன்னறையில் மேசை, இரண்டு கம்ப்யூட்டர்கள், சுவரில் ரவுட்டர். உள்ளறையில் பிரிண்டர். கருப்பு வெள்ளை லேசர், ஜெராக்ஸும் ஸ்கேனும் எடுக்கும் வகை, வைஃபை உண்டு. ரவுட்டரிலிருந்து பிரிண்டருக்கு நேர்கோட்டில் போனால் பத்தடி, பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு செங்கல் சுவரும், அந்தச் சுவரை ஒட்டி ஒரு இரும்பு பீரோவும் நிற்கின்றன. பிரிண்டர் அந்தப் பீரோவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தது.

நான் போனபோது பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது, வைஃபை விளக்கும் சிமிட்டாமல் நிலையாக நின்றது. கண்ணாடியில் ஒரு ஆதார் அட்டையை வைத்து ஜெராக்ஸ் பட்டனை அழுத்தினேன், உடனே வந்தது. டோனர், டிரம், காகிதம் இழுக்கும் உருளை, சூடேற்றும் பகுதி எல்லாம் வேலை செய்கின்றன என்று இந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஜெராக்ஸ் எடுக்கும்போது கம்ப்யூட்டருக்கும் அந்த வேலைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் தகவலைப் பிரிண்டர் வாங்குகிறதா என்பது இன்னும் தெரியாது.

கம்ப்யூட்டர் பக்கம் வந்து பிரிண்டர் வரிசையைத் திறந்து பார்த்தால் ஏழெட்டு வேலைகள் அடைந்து நின்றன. ஒரே சான்றிதழை அவசரத்தில் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸ் 10-ல் இந்த ஜன்னலின் `Printer` மெனுவில் `Use Printer Offline` என்று ஒரு வரி இருக்கும். யாராவது கைதவறி அதில் டிக் போட்டுவிட்டால் பிரிண்டர் நன்றாக இருந்தாலும் ஆஃப்லைன் என்றே காட்டும். இங்கே டிக் இல்லை. அடைந்து நின்றவற்றை முழுவதும் அழித்தேன். இதைச் செய்யாமல் விட்டால், இணைப்பு திரும்பிய நொடியில் ஒரே சான்றிதழ் ஏழெட்டுத் தடவை வந்து விழும். ஒவ்வொருவருடைய சொந்த விவரமும் அதில் இருப்பதால், அப்படி வந்த தாள்களைக் கிழித்துப் போடுவதே ஒரு வேலையாகிவிடும்.

அடுத்து யூ.எஸ்.பி. கேபிள். பிரிண்டர் பின்புறம் சதுரமான துளை இருக்கும், அதற்கான கேபிளை நான் பையில் எப்போதும் வைத்திருப்பேன். பிரிண்டரை நகர்த்தாமல், என் லேப்டாப்பையும் கொண்டுவராமல், கடையின் கம்ப்யூட்டரிலேயே சோதித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். ஏனென்றால் பழுது காட்டுகிற அந்தக் கம்ப்யூட்டரின் டிரைவரையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உள்ளறை வரை என் கேபிள் எட்டாது. யூ.எஸ்.பி. கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் நீட்டு ஒயர் போட்டு இழுத்தால் சோதனையே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். அதனால் பிரிண்டரைத்தான் தூக்கி முன்னறை மேசைக்கு அருகில் வைத்தோம்.

கேபிளைச் செருகியதும் விண்டோஸ் ஒரு சத்தம் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் அதே பெயரோடு `Copy 1` என்று சேர்த்து இன்னொன்றை உண்டாக்கியது. இதைப் பார்த்ததும் பலர் குழம்புவார்கள். அது புதுப் பிரிண்டர் கிடையாது. அதே பிரிண்டருக்குப் போகும் இரண்டாவது வழி, அவ்வளவுதான். பழையது வைஃபை வழியாகப் போகும், புதியது `USB001` என்ற போர்ட் வழியாகப் போகும். கேபிளைச் செருகிவிட்டுப் பழைய பெயருக்கே பிரிண்ட் கொடுத்தால் அது பழையபடி வைஃபையில்தான் தேடும், ஆஃப்லைன் என்றுதான் சொல்லும். "கேபிள் போட்டும் வரவில்லை, பிரிண்டர் போச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பெயரைத் தேர்ந்தெடுத்து, `Printer properties`-க்குள் போய் `Print Test Page` கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். தாள் வந்தது. இனி பிரிண்டரின் மின்னணுப் பலகை, டிரைவர், விண்டோஸின் அச்சு வரிசை மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மிச்சம் இருப்பது கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் இடையே உள்ள வைஃபை வழி மட்டும். இந்தச் சோதனை எதிர்மாறாக முடிந்திருந்தால், அதாவது கேபிளிலும் வரவில்லை என்றால், நான் ரவுட்டர் பக்கமே போயிருக்க மாட்டேன். வேறு கேபிள், வேறு துளை, டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுவது என்று அந்தப் பக்கம் போயிருப்பேன். ஆஃப்லைன் பழுதில் வைஃபை அமைப்புகளைக் கலைப்பதற்கு முன்பே கேபிள் சோதனையை முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நின்றிருந்த ஆட்களின் சான்றிதழ்களை அந்தக் கேபிள் வழியாகவே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். கூட்டம் குறைந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிரிண்டரைப் பழைய இடத்திலேயே வைத்தோம். சில மாடல்களில் யூ.எஸ்.பி. கேபிள் செருகியிருக்கும்வரை வைஃபை தானாக அணைந்துவிடும். கேபிளோடு வைஃபையைச் சோதித்தால் வீண் அலைச்சல். கழற்றியபின் பிரிண்டரை அணைத்துப் போட்டு, வைஃபை விளக்கு நிலையாக நிற்கும்வரை காத்திருந்தேன்.

இனி முகவரி. பிரிண்டரின் சொந்த மெனுவில் நெட்வொர்க் விவரங்களை ஒரு தாளில் அச்சிட வழி இருக்கும். திரை இல்லாத மாடல்களில் ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வரும், எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தத் தாளில் இருந்தவற்றில் எனக்கு வேண்டியவை மூன்று: நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தேடிப் போக உதவும் எண்ணான ஐ.பி. முகவரி, சாதனத்தின் அடையாள எண்ணான வைஃபையின் மேக் முகவரி, சிக்னல் அளவு. ஐ.பி. முகவரி `192.168.1.12` என்று இருந்தது. இந்த இடத்தில் `169.254` என்று தொடங்கும் எண் இருந்தால் பிரிண்டருக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். எண் கிடைக்காதபோது அது தனக்குத்தானே போட்டுக்கொள்வது அந்த எண். இங்கே அப்படி இல்லை, ரவுட்டர் முறையாக ஒன்று கொடுத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் எந்த எண்ணைத் தேடுகிறது என்று பார்க்க, பவர்ஷெல்லில் இந்த ஒரு வரி போதும்:

```
Get-Printer | Format-Table Name, PortName, PrinterStatus
```

பழைய பிரிண்டருக்கு நேரே போர்ட் பெயராக `192.168.1.7` வந்தது. போர்ட்டின் பெயர் வேறு, அதற்குள் எழுதியிருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம் என்பதால் `Printer properties`, `Ports`, `Configure Port` என்று உள்ளே போயும் பார்த்தேன். அங்கேயும் 7 தான். பிரிண்டர் இருப்பது 12-ல், கம்ப்யூட்டர் தேடுவது 7-ல்.

இதோடு பழுது பிடிபட்டுவிட்டது என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் அக்காவின் மகன், கல்லூரியில் படிக்கும் பையன், ஒரு சோதனை செய்து பார்த்திருந்தான். "அண்ணே, 7-க்கு பிங் அடிச்சேன், பதில் வருது. பிரிண்டர் அங்கதான் இருக்கு" என்றான். அதனால்தான் அவன் முகவரியைச் சந்தேகப்படவே இல்லை. அவன் சொன்னது உண்மைதான். நானும் அடித்துப் பார்த்தேன், ஒழுங்காகப் பதில் வந்தது.

பிங் என்பது ஒரு எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அதில் வரும் பதிலை நம்பும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் `Reply from` என்று தொடங்கினாலே பதில் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. `Reply from 192.168.1.5: Destination host unreachable` என்று வந்தால், அந்த 5 உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரின் எண். "நான் தேடினேன், ஆள் இல்லை" என்று அதுவே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. கடைசி வரியில் மட்டும் இழப்பு 0% என்று காட்டி ஏமாற்றும். வரியின் முடிவில் `time` அளவும் `TTL` எண்ணும் இருந்தால்தான் எதிர்முனையில் உண்மையிலேயே ஒரு சாதனம் இருக்கிறது. இங்கே இரண்டும் இருந்தன. அப்படியானால் 7-ல் ஏதோ ஒரு சாதனம் இருக்கிறது. அது பிரிண்டர்தான் என்று பிங் எங்கேயும் சொல்லவில்லை.

யார் அது என்று கேட்க அடுத்த கட்டளை:

```
ping 192.168.1.7
arp -a 192.168.1.7
```

பிங் செய்த உடனே இரண்டாவது வரியைக் கொடுத்தால், அந்த எண்ணில் பதில் சொன்ன சாதனத்தின் மேக் முகவரி வரும். `d6` என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது. பிரிண்டர் அச்சிட்டுக் கொடுத்த தாளில் இருந்த மேக் முகவரியோடு ஒரு எழுத்துக்கூடப் பொருந்தவில்லை. இன்னொரு தடயமும் அந்த இரண்டு எழுத்துகளிலேயே இருந்தது. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த எண் இல்லை, சாதனம் தானே போட்டுக்கொண்ட எண். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படித் தனியாக ஒரு எண்ணை உண்டாக்கிக்கொள்கின்றன. எனவே 7-ல் உட்கார்ந்திருப்பது அநேகமாக ஒரு போன்.

கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் போன் அது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. போனின் வைஃபை விவரங்களில் ஐ.பி. முகவரி 7 என்றே இருந்தது. வைஃபையை அணைக்கச் சொன்னேன், பிங் நின்றது. மறுபடி ஆன் செய்யச் சொன்னேன், பிங் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

பிரிண்டரா இல்லையா என்று பிங்கைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100 என்ற போர்ட் எண்ணில்தான் அச்சுத் தகவலை வாங்கும். அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டால் போதும்:

```
Test-NetConnection 192.168.1.7 -Port 9100
Test-NetConnection 192.168.1.12 -Port 9100
```

7-க்கு `TcpTestSucceeded : False`, 12-க்கு `True`. போன் பிங்குக்குப் பதில் சொல்லும், ஆனால் அச்சடிக்கும் கதவு அதில் கிடையாது. காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் சான்றிதழ்களை அந்தப் பெண்ணின் போன் வாசலில் கொண்டுபோய்த் தட்டிக்கொண்டிருந்தது, பழைய குடித்தனக்காரருக்கு வந்த தபாலைப் புதுக் குடித்தனக்காரர் வாங்க மறுப்பதுபோல அது திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

முகவரி ஏன் மாறியது என்பதற்கும் விடை கிடைத்தது. சனிக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ரவுட்டர் சின்ன யு.பி.எஸ்-ல் ஓடுகிறது, ஆனால் அது பகல் முழுக்கத் தாங்காது. லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் நொடியில் நிறைய மின்சாரம் இழுக்கும் என்பதால் அதை யு.பி.எஸ்-ல் போடவில்லை, போடவும் கூடாது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியல் தற்காலிக நினைவில்தான் இருக்கும், அணைந்தால் போய்விடும். மாலை மின்சாரம் வந்ததும் ரவுட்டர் வெறும் பட்டியலோடு எழுந்தது. அன்று மாலை கடையில் இருந்த போன்கள் வந்து எண் கேட்டன, கொடுத்தது. பிரிண்டரின் சுவிட்ச் அணைந்தே கிடந்ததால் அது திங்கட்கிழமை காலையில்தான் வரிசைக்கு வந்தது. அதற்குள் 7 போய்விட்டது, காலியாக இருந்த 12 கிடைத்தது. இத்தனை நாள் 7 நிலைத்திருந்ததற்குக் காரணம், வேறு யாருக்கும் அது போகாமல் தற்செயலாகத் தப்பியது மட்டும்தான். அந்த எண்ணைப் பிரிண்டருக்கு என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் 7-ஐ 12 என்று மாற்றினால் வேலை நடக்கும். அடுத்த மாதப் பராமரிப்புவரை நடக்கும். அதனால் ரவுட்டரில்தான் முதலில் கை வைத்தேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் `DHCP` பகுதியில் `Address Reservation` என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஒரு இடம் இருக்கும். இன்ன மேக் முகவரி வந்தால் இன்ன ஐ.பி. மட்டும் கொடு என்று எழுதிவைக்கும் இடம் அது. இது அணைத்தாலும் அழியாது. பிரிண்டர் தாளிலிருந்து மேக் முகவரியை எடுத்து `192.168.1.50`-ஐ அதற்கு ஒதுக்கினேன். ஒயர் போடும் துளையும் வைஃபையும் இரண்டும் உள்ள பிரிண்டரில் இரண்டு மேக் முகவரிகள் இருக்கும், வைஃபைக்கு உரியதைப் பார்த்து எடுக்க வேண்டும். மாற்றி எழுதினால் ஒதுக்கீடு இருந்தும் பலிக்காது.

பிரிண்டரிலேயே நிலையான முகவரியை எழுதிவிடலாமே என்று பையன் கேட்டான். எழுதலாம். ஆனால் அது ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டர் கொடுக்கும் எண்களின் எல்லைக்குள் அந்த முகவரி இருந்தால், அதே எண்ணை ஒரு நாள் வேறு போனுக்கும் கொடுத்துவிடும். அப்போது ஒரே எண்ணில் இரண்டு சாதனங்கள், ஒரு நேரம் அச்சு வரும், ஒரு நேரம் வராது. அந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கொடுமை. இன்னொன்று, நாளைக்கு இணைய இணைப்பை மாற்றிப் புது ரவுட்டர் வந்து அது `192.168.0` என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தால், `192.168.1`-ல் நிலையாக எழுதிய பிரிண்டர் தனியாக நின்றுவிடும். ரவுட்டரில் ஒதுக்குவதே எனக்குப் பிடித்த வழி. ரவுட்டர் மாறினால் புது ரவுட்டரில் மறுபடி ஒதுக்க வேண்டும், அதை அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 50 வந்தது. கம்ப்யூட்டரில் பழைய போர்ட்டைத் திருத்துவதைவிட, `Add Port` கொடுத்து `Standard TCP/IP Port` வகையில் 50-க்குப் புதிதாக ஒன்று போட்டு அதில் டிக் வைத்தேன். பழைய போர்ட்டின் பெயர் `192.168.1.7` என்றே இருக்க, உள்ளே மட்டும் 50 என்று எழுதினால் அடுத்து வந்து பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சோதனைத் தாள் கொடுத்தேன், வந்தது. ஆஃப்லைன் என்ற எழுத்தும் போனது.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அக்கா சொன்னார்: "மறுபடி ஆஃப்லைன்னு வந்துச்சு தம்பி, கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சு. போட்டோ இருக்கிற பக்கம் ரொம்ப நேரம் எடுக்குது." முகவரி மாறியிருந்தால் தானாகத் திரும்பியிருக்காது. வந்துவந்து போகிறது என்றால் அது வேறு நோய். வைஃபை சிக்னலைப் பார்க்க வேண்டியதுதான்.

இதில் கம்ப்யூட்டரிலோ போனிலோ தெரியும் கோடுகளைப் பார்த்துப் பயனில்லை. கம்ப்யூட்டர் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு முழுக் கோடுகளும் தெரியும். நமக்கு வேண்டியது பிரிண்டர் இருக்கும் இடத்தில் பிரிண்டருக்குக் கிடைக்கும் அளவு. காலையில் எடுத்த நெட்வொர்க் தாளில் அது இருந்தது: `-79 dBm`. கழித்தல் குறி இருப்பதால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு. `-50` பக்கம் இருந்தால் பலமான சிக்னல். `-65` வரை நிம்மதியாக ஓடும். `-70`-ஐத் தாண்டினால் இழுபறி, `-80` பக்கம் போனால் இணைப்பு நூலில் தொங்கும். உங்கள் பிரிண்டர் இந்த எண்ணை அச்சிடாமல் நல்லது, சுமார், மோசம் என்று மட்டும் சொன்னால், வைஃபை அளவு காட்டும் ஏதாவது ஒரு செயலியைப் போனில் போட்டு, போனைப் பிரிண்டரின் மேலேயே வைத்துப் பார்க்கலாம். பிரிண்டரின் ஆன்டெனா போனுடையது அளவுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் போன் காட்டுவதைவிடக் கொஞ்சம் மோசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தால் அந்த அளவு உதவாது. இந்தப் பிரிண்டரைப் போலப் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், போனையும் அதில் இணைத்துத்தான் அளக்க வேண்டும்.

விளக்கு ஏன் நிலையாக எரிந்தது என்று கேட்கலாம். விளக்கு சொல்வது ரவுட்டரோடு இணைந்திருக்கிறேன் என்பதை மட்டும். எவ்வளவு ஒழுங்காகத் தகவல் போய்வருகிறது என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க நீளமான பிங் ஒன்று அடித்தேன்:

```
ping -n 50 192.168.1.50
```

ஒரு வரி 4 மில்லி நொடி, அடுத்தது 200-க்கு மேல், இடையிடையே `Request timed out`. கடைசியில் 50-க்கு 9 தொலைந்திருந்தன. முதல் ஒன்றிரண்டு தாமதமானால் பிரிண்டர் தூக்கத்திலிருந்து எழுகிறது என்று விட்டுவிடலாம். நடுநடுவே தொலைவது சிக்னல் குறை. எழுத்து மட்டும் உள்ள பக்கம் சிறியது, தொலைந்ததைத் திரும்ப அனுப்பி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். போட்டோ உள்ள பக்கம் பல மடங்கு பெரியது, அங்கேதான் திணறல் கண்ணுக்குத் தெரியும்.

ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு, பிரிண்டரை மட்டும் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, உள்ளறை வாசலுக்கு நேராக வைத்தோம். தூரம் கிட்டத்தட்ட அதேதான், சில அடிகூடக் குறையவில்லை. நெட்வொர்க் தாளை மறுபடி அச்சிட்டுப் பார்த்தால் `-61`. இந்த அளவில் ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்து மடங்கு மாறும். 18 வித்தியாசம் என்றால் ஏறத்தாழ அறுபது மடங்கு. செங்கல் சுவர் கொஞ்சம் குறைக்கும். இரும்புத் தகடு அலையைத் திருப்பி அடித்துவிடும், பீரோவின் நிழலில் இருந்த பிரிண்டருக்கு வேறு சுவர்களில் பட்டுச் சிதறி வந்த மிச்சம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அதே 50 பிங்கை மறுபடி அடித்தேன், ஒன்றுகூடத் தொலையவில்லை, நேரமும் ஒரே சீராக இருந்தது. போட்டோ உள்ள ஹால் டிக்கெட் ஒன்றைக் கொடுத்தோம், தயங்காமல் வந்தது.

ரவுட்டரின் சக்தியைக் கூட்டும் பெட்டி ஒன்று வாங்கலாமா என்று அக்கா கேட்டார். இந்த அளவு வந்தபின் தேவையில்லை என்றேன். பிரிண்டரை நகர்த்தவே முடியாத இடமாக இருந்திருந்தால் அந்தப் பெட்டியைவிட, பிரிண்டரில் நெட்வொர்க் துளை இருந்தால் ஒயர் இழுத்துவிடுவதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஆஃப்லைன் என்ற எழுத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, பலவீனமான சிக்னலில் அது அடிக்கடி தலைகாட்டும். `Configure Port` பக்கத்தில் `SNMP Status Enabled` என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸ் அந்த வழியில் பிரிண்டரை நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராமல் போனால், அச்சடிக்கும் கதவு திறந்திருந்தாலும் ஆஃப்லைன் என்று எழுதிவிடும். இந்த டிக்கை எடுத்துவிடுங்கள் என்று பலரும் சொல்வார்கள், எழுத்து மறைந்தும் விடும். பிரிண்டர் 9100-ல் நன்றாகப் பதில் சொல்லி, பிங்கும் சீராக இருந்து, அப்போதும் ஆஃப்லைன் என்று காட்டினால் எடுத்துவிடலாம். சிக்னல் மோசமாக இருக்கும்போதே எடுத்தால் எச்சரிக்கை மட்டும்தான் போகும், தாள்கள் நடுவில் நிற்பது தொடரும். இங்கே பிரிண்டரை நகர்த்தியபின் எழுத்து திரும்ப வரவில்லை, டிக்கை அப்படியே விட்டுவைத்தேன்.

மிச்சம் சில்லறை வேலைகள். காலையில் கேபிளால் உண்டான `Copy 1`-ஐப் பட்டியலிலிருந்து நீக்கினேன். விண்டோஸ் 10-ல் `Let Windows manage my default printer` என்பது ஆன் ஆக இருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே முதன்மையாக வைத்துக்கொள்ளும். காலையில் கேபிள் வழியாக அச்சடித்ததால் `Copy 1`-தான் முதன்மையாகியிருந்தது. அதை நீக்காமல் போயிருந்தால், கேபிள் இல்லாத பிரிண்டருக்கு அனுப்பிவிட்டு நாளைக்கு மறுபடி ஆஃப்லைன் என்று போன் வந்திருக்கும். அந்தத் தேர்வை அணைத்துவிட்டு, 50-க்குப் போகும் பிரிண்டரையே முதன்மையாக வைத்தேன்.

இரண்டாவது கம்ப்யூட்டரைத் திறந்தால் அதில் போர்ட் பெயர் `WSD` என்று தொடங்கியது. இது எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடாது, நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்த்துப் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும். அதனால் முகவரி மாறினாலும் பின்தொடர்ந்து போகும் வாய்ப்பு உண்டு. காலையில் இந்தக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் வந்துகொண்டிருந்ததாக அந்தப் பெண் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆனால் இப்படிக் கூப்பிட்டுத் தேடும் வழி, சிக்னல் தடுமாறினால் பிரிண்டரைத் தவறவிட்டுவிட்டு மறுபடி கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். முகவரியை ஒதுக்கிவிட்ட பிறகு இதை வைத்திருக்க வேண்டியதில்லை என்று இதிலும் 50-க்கு நேரடிப் போர்ட் போட்டேன்.

கிளம்பும்முன் ரவுட்டரை அணைத்தோம், பிரிண்டரையும் அணைத்தோம். ரவுட்டரை முதலில் போட்டு, கடையில் இருந்த போன்களெல்லாம் இணையும்வரை விட்டு, பிரிண்டரைக் கடைசியாகப் போட்டோம், சனிக்கிழமை நடந்த அதே வரிசையில். நெட்வொர்க் தாளில் `192.168.1.50` என்றே வந்தது, இரண்டு கம்ப்யூட்டர்களிலும் சோதனைத் தாள் வந்தது. அந்த நெட்வொர்க் தாளையே பிரிண்டரின் மூடிமேல் ஒட்டச் சொன்னேன். அதில் முகவரி, மேக் எண், சிக்னல் அளவு மூன்றும் இருக்கின்றன, அடுத்த தடவை இன்னொன்று அச்சிட்டு வைத்து எது மாறியிருக்கிறது என்று பையனே பார்த்துவிடலாம்.